கோழியின் கோ, கோபத்தின் கோ: மாங்கா ஒலிச்சொற்களில் தொலைந்துபோகும் உணர்வு

ஜப்பானிய மொழி வகுப்பின் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று, நானே வரைந்த நான்கு கட்டப் படக்கதை. ஜப்பானில் இந்த வடிவத்தை 'யோன்கோமா' என்பார்கள். முதல் கட்டத்தில் ஒரு பையன் விடுமுறை நாளில் தரைப்பாயில் சோம்பிக் கிடக்கிறான். இரண்டாவதில் பூனை அவன் வயிற்றின் மேல் ஏறி, கண்களை மூடிக்கொள்கிறது. மூன்றாவதில் சன்னலுக்கு வெளியே கருமேகம். நான்காவதில், ஐஸ் போட்ட பானத்தை மடமடவென்று குடித்த பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறையை நோக்கி ஓடுகிறான். நான்கு கட்டங்களிலும் எழுதப்பட்டிருப்பது ஒரே சொல்: கோரோகோரோ.

பெரும்பாலான மாணவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படும் 'இடிமுழக்கம்' என்ற பொருளை எடுத்துக்கொண்டு நான்கிலும் இடியை இறக்கிவிடுவார்கள். ஒரு முறை ஒரு மாணவி, இடிச் சத்தம் கேட்டு அந்தப் பூனை பயந்து கண்களை மூடிக்கொண்டதாகக் கதையையே மாற்றி எழுதியிருந்தார். உண்மையில் பூனை சொக்கிப்போய்க் கிடக்கிறது; கோரோகோரோ என்பது அதன் தொண்டையிலிருந்து வரும் கர்ர் என்ற ஓசை. முதல் கட்டத்திலோ ஓசையே கிடையாது. வேலை ஒன்றும் இல்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரண்டு கிடக்கும் நிலையைத்தான் அங்கே அந்தச் சொல் காட்டுகிறது. கண்ணில் தூசி விழுந்து உறுத்துவதையும், சாம்பாரில் காய்த்துண்டுகள் பெரிது பெரிதாகக் கிடப்பது போன்ற காட்சியையும்கூட ஜப்பானியர் இதே சொல்லால் சொல்வார்கள். இவையெல்லாம் தொடர்பற்ற பொருள்கள் அல்ல. கனமான ஒன்று, மழமழப்பில்லாத ஒன்று, உருளுகிறது அல்லது உருளக்கூடியதாகக் கிடக்கிறது என்ற ஒரே உணர்வுதான் இத்தனைக்கும் அடியில் இருக்கிறது.

அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்பதை, மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகளைத் தமிழில் படிப்பவர்களும் மொழிபெயர்க்க முனைபவர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அதைத் தவறவிடச் செய்வது நம் சொந்த எழுத்துமுறைதான்.

ஜப்பானியத்தில் இரண்டு கோரோகோரோக்கள் உண்டு. ஒன்று 'கோழி' என்னும்போது வரும் வல்லொலியால் தொடங்குவது. மற்றது 'கோபம்' என்பதைப் பேச்சில் சொல்லும்போது வரும் மெல்லிய அதிர்வொலியால் தொடங்குவது. வகுப்பில் இவற்றைக் கோழிக் கோ, கோபக் கோ என்றே அழைக்கிறோம். கோழிக் கோரோகோரோ என்றால் கோலிகுண்டு போலச் சிறியதும் இலேசானதுமான பொருள் உருளுகிறது. பெண் குழந்தை கலகலவென்று சிரிப்பதற்கும் அந்தச் சொல் பொருந்தும். கோபக் கோரோகோரோ என்றால் பாறை உருளுகிறது, இடி முழங்குகிறது. ஜப்பானிய எழுத்தில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு எழுத்தின் வலது மேல் மூலையில் இடப்படும் இரண்டு சிறு கோடுகள் மட்டுமே. அதற்குத் 'தகுதென்' என்று பெயர். அந்தக் கோடுகள் விழுந்தவுடன் பொருள் பெரிதாகிறது, கனக்கிறது, பல நேரங்களில் கொஞ்சம் அருவருப்பும் சேர்ந்துகொள்கிறது. நட்சத்திரம் மின்னுவது கிராகிரா. அதன் முதல் எழுத்தில் கோடுகளைச் சேர்த்தால் கண்ணைக் கூசவைக்கும் வெயிலின் ஒளி, அல்லது பேராசை பிடித்தவன் கண்ணில் தெரியும் ஒளி. இரண்டு சொற்களையும் தமிழில் எழுதினால் 'கிராகிரா' என்றுதான் வருகிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. கோரோகோரோ என்று தமிழில் எழுதியதை நாம் இயல்பாக வாசிக்கும்போது, சொல்லின் முதலில் உள்ள ககரம் வல்லொலியாகவும், நடுவில் உயிர்களுக்கிடையே வரும் ககரம் மெலிந்தும் ஒலிக்கிறது. ஆகவே கோலிகுண்டாகத் தொடங்கிப் பாறையாக முடியும் ஒரு சொல்லை நாம் உருவாக்கிவிடுகிறோம்! நெடில்களும் நாமாகச் சேர்ப்பவை. ஜப்பானியத்தில் அவை குறில்களே. நம் எழுத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. தமிழுக்கு அந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டும் தேவை இருந்ததில்லை. அளவையும் கனத்தையும் நாம் பல நேரங்களில் உயிரெழுத்தை மாற்றிக் காட்டிவிடுகிறோம். கிணுகிணு என்றால் சலங்கை, கணகண என்றால் கோயில் மணி என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் ஜப்பானிய ஒலிச்சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் பெயர்த்து வைப்பதை நான் விரும்புவதில்லை. பார்ப்பதற்கு மூலத்துக்கு நெருக்கமாக இருந்தாலும், உணர்வைத் தாங்கிய பாதி அதில் ஏற்கெனவே உதிர்ந்துபோயிருக்கும்.

மாங்கா ஓவியர்கள் அந்தக் கோடுகளை இலக்கணத்துக்கு வெளியேயும் கொண்டுபோகிறார்கள். 'ஆ' என்ற உயிரெழுத்துக்கு ஜப்பானிய இலக்கணப்படி தகுதென் கிடையாது. ஆனாலும் கதாபாத்திரம் தொண்டை கிழியக் கத்தும்போதும், எரிச்சலோடு 'என்னது?' என்று உறுமும்போதும், 'ஆ'வின் மேல் அந்த இரு கோடுகளையும் இழுத்துவிடுகிறார்கள். எந்த அகராதியிலும் இல்லாத அந்த எழுத்தை ஜப்பானிய வாசகர் உடனே புரிந்துகொள்கிறார்.

டோக்கிடோக்கிக்கு வருவோம். இச்சொல்லை அறியாத மாங்கா ரசிகர் குறைவு. அநேகமாக எல்லோரும் இதைக் காதலின் ஓசை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பயிற்சிப் பக்கத்தில், வகுப்பறைக் கதவு திறக்க, ஆசிரியர் உள்ளே வர, ஒரு மாணவியின் நெஞ்சருகே டோக்கிடோக்கி என்று எழுதியிருந்தது. என்னிடம் வந்த மொழிபெயர்ப்பில் அவள் ஆசிரியரைக் காதலிப்பதாக ஓரக்குறிப்பே சேர்க்கப்பட்டிருந்தது. அடுத்த கட்டத்தில் அவள் பையைத் துழாவுகிறாள். வீட்டுப்பாட நோட்டு இல்லை. அதற்கடுத்த கட்டத்தில் அவள் எழுந்து நிற்கிறாள். மொழிபெயர்த்தவர் கட்டங்களைத் தனித்தனியாகப் பார்த்ததால் வந்த வினை இது.

டோக்கிடோக்கி இதயம் வேகமாகத் துடிக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. காரணம் காதலாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், மாடிப்படி ஏறி வந்த களைப்பாகவும் இருக்கலாம். காரணத்தைச் சொல்வதற்கு ஜப்பானியத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. நாளைய சுற்றுலாவை நினைத்து மகிழ்ச்சியில் மனம் துள்ளினால் வாக்குவாக்கு. அதில் அச்சத்துக்கு இடமில்லை. கயிற்றின்மேல் நடப்பவரைக் கீழிருந்து பார்த்துப் பதறினால் ஹராஹரா. குட்டி நாயையோ நெகிழவைக்கும் ஒரு செயலையோ கண்டு நெஞ்சு ஒரு கணம் இறுகினால் க்யுன். இத்தனை இருக்க, ஓவியர் டோக்கிடோக்கியைத் தேர்ந்தெடுத்திருந்தால், அது எந்தத் துடிப்பு என்பதை முகமும் சூழலும் சொல்லட்டும் என்று அவர் விட்டுவைத்திருக்கிறார் என்று பொருள்.

இங்கேதான் தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குச் சிக்கல். 'திக்திக்' என்று எழுதினால் அச்சம் என்று முடிவாகிவிடுகிறது. 'படபட' ஓரளவு இருபக்கமும் பொருந்தும், ஆனால் அதில் பரபரப்பின் சாயல் கூடுதல். 'லப்டப்' என்றால் மருத்துவர் வந்துவிடுகிறார். வீட்டுப்பாடக் காட்சிக்கு நான் திக்திக் என்றே போடுவேன். ஏனென்றால் இரண்டு கட்டங்களுக்குள் கதையே அதை முடிவு செய்துவிடுகிறது. ஆனால் அவள் மனம் என்னவென்று கதை பல பக்கங்களுக்கு மறைத்துவைத்திருந்தால், திக்திக் என்று எழுதுவது ஓவியர் பூட்டிய கதவை நாம் திறந்துவிடுவதாகும். அங்கே படபட என்பதே பாதுகாப்பு.

சொல்லின் வாலையும் கவனிக்க வேண்டும். இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா என்று தொல்காப்பியம் சொல்வதைப் படித்து வளர்ந்த நமக்கு, ஜப்பானியச் சொல் பிரிவது முதலில் வியப்பாக இருக்கும். டோக்கி என்று ஒருமுறை மட்டும் வந்து, இறுதியில் ஒரு குட்டி எழுத்தால் மூச்சு வெட்டப்பட்டால், எதிர்பாராமல் இதயம் ஒரே ஒரு முறை தூக்கிப்போடுகிறது. நகர ஒலி சேர்ந்து டோக்கின் என்றானால் அந்த அடி உள்ளே எதிரொலிக்கிறது. இரட்டித்து வந்தால்தான் துடிப்பு தொடர்கிறது. இதற்குத் தமிழில் கச்சிதமான இணை உண்டு: 'திக்கென்றது' ஒருமுறை, 'திக்திக்கென்று அடித்துக்கொண்டது' தொடர்ச்சி. இன்னொரு நெருக்கமும் இருக்கிறது. நாம் ஒலிச்சொல்லை வாக்கியத்தில் பொருத்த, பேச்சை மேற்கோள் காட்டும் அதே 'என்று' என்பதைப் பயன்படுத்துகிறோம். ஜப்பானியரும் மேற்கோளுக்கு உரிய 'தோ' என்ற இடைச்சொல்லையே இங்கும் பயன்படுத்துகிறார்கள். இதயம் திக் 'என்கிறது' என்று இரு மொழிகளும் ஒரே மாதிரி நினைக்கின்றன.

எழுத்து வரையப்பட்டிருக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். இச்சொற்கள் பெரும்பாலும் பேச்சுக் குமிழிக்குள் அச்செழுத்தில் வருவதில்லை; படத்தின் பகுதியாகவே கையால் வரையப்படுகின்றன. ஜப்பானிய எழுத்து வகைகளில் கோணங்களால் ஆன கதகானாவில் பெரிதாக வந்தால் ஓசை கடினம். வளைந்த ஹிரகானாவில் நடுங்கும் மெல்லிய கோட்டில் வந்தால், அதே டோக்கிடோக்கி கூச்சத்தோடு ஒலிக்கிறது. ஓரத்தில் சிறு எழுத்தில் பொருள் கொடுக்கும் பதிப்புகளைப் படிப்பவர்கள், பொருளைப் பார்த்துவிட்டு ஒருமுறை மூல எழுத்தின் பருமனையும் அது எங்கே நிற்கிறது என்பதையும், மூலையில் அந்த இரு கோடுகள் உண்டா என்பதையும் பார்த்துவிட்டு நகர்வது நல்லது. ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கும் இது எட்டும்.

நான்கு கட்டக் கதைக்குத் திரும்புகிறேன். அதன் நகைச்சுவை ஒரே சொல் நான்கு முறை வருவதில் இருக்கிறது. தமிழில் அதை முழுமையாகக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. வகுப்பில் நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது: பூனைக்குக் கர்கர், மேகத்துக்குக் கடகட, வயிற்றுக்குக் கடமுட. மூன்றும் ககரத்தில் தொடங்குவதால் மூலத்தின் நிழலாவது மிஞ்சுகிறது. முதல் கட்டத்துக்கு மட்டும் அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை. பூனையை இடிக்குப் பயப்பட வைத்த அதே மாணவிதான், அங்கே ஒலிச்சொல்லே வேண்டாம், பையனின் காலடியில் சின்ன எழுத்தில் 'சும்மா உருண்டுகொண்டு' என்று எழுதிவிடலாம் என்றார். அப்படியே எழுதினோம்.