இடப்பெயர்ச்சி கிடைத்த பிறகு: ஒரு கூரை ட்ரஸ்ஸின் போல்ட்டுக்கு எவ்வளவு விசை?

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கிடங்குக்கு ஷீட் கூரை போடும் வேலை. ஃபவுண்டேஷன் குழி தோண்டியாகிவிட்டது. மேஸ்திரி போன் செய்து, "சார், போல்ட் எத்தனை எம்எம்? இன்னைக்குச் சொன்னா நாளைக்கு டெம்ப்ளேட் வெச்சிடுவோம்" என்றார். மூட்டுகள் எவ்வளவு நகர்கின்றன என்பதை முதலில் கண்டுபிடித்து, அதிலிருந்து விசைகளை எடுக்கும் ஸ்டிஃப்னஸ் முறையில் ட்ரஸ் கணக்குப் போட்டிருந்த என் அலுவலகத் தம்பியைக் கூப்பிட்டேன். "முடிஞ்சது சார், ஒரு பக்கத்துக்கு மேல்நோக்கி 12 கிலோநியூட்டன் இழுப்பு. பேலன்ஸும் பார்த்துட்டேன், ஜீரோ வருது" என்றார்.

சரியான விடை 24. சமன்பாட்டைத் தீர்த்ததில் அவரிடம் ஒரு பிழையும் இல்லை. மூட்டுகளின் இடப்பெயர்ச்சிகள் மைக்ரான் வரை சரி. அதிலிருந்து விசைகளை மீட்டெடுக்கும் கடைசி இரண்டு வரிகளில்தான் பாதி விசை காணாமல் போயிருந்தது. எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டை என்று இந்தக் கடலோரம் முழுக்க இதே மாதிரி ஷெட்கள்தான். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஷீட்கள் பறந்ததை நாமெல்லாம் பார்த்தோம். அதனால் இந்தக் கணக்கை முழுசாக எழுதிவிடுகிறேன்.

நிஜமான ட்ரஸ்ஸில் குறுக்குக் கம்பிகள் நிறைய இருந்தன. விஷயம் பிடிபட, அதை மூன்றே உறுப்புகள் கொண்ட முக்கோணமாகச் சுருக்கிக்கொள்வோம். அகலம் 9.6 மீட்டர், முகட்டின் உயரம் 2 மீட்டர், இரண்டு சரிவு ராஃப்டர்களும் தலா 5.2 மீட்டர், கீழே ஒரு டை. இடது முனை அசையாமல் பிணைக்கப்பட்டது. வலது முனை மேலும் கீழும் நகராது, கிடையாக மட்டும் நகரலாம். எல்லாமே 60.3 எம்எம் வெளிவிட்டமும் 2.9 எம்எம் தடிமனும் உள்ள குழாய். பரப்பு A-ஐச் சுமாராக 520 சதுர எம்எம் என்று வைத்து, எஃகின் மீள்மைக் குணகம் E-ஆல் பெருக்கினால், EA 1,04,000 கிலோநியூட்டன்.

சென்னைக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். காற்றுக்கு 1.5 என்ற காரணியால் பெருக்கி, கூரையின் சொந்த எடையில் 0.9 பங்கை மட்டும் கழித்த பிறகு, நிகர மேல் இழுப்பு சதுர மீட்டருக்கு 1.25 கிலோநியூட்டன் வந்தது. ட்ரஸ் இடைவெளி 4 மீட்டர் என்பதால், ஒரு ட்ரஸ்ஸுக்கு 48 கிலோநியூட்டன் மேல்நோக்கி. இதில் 24 முகட்டுக்கும், 12 வீதம் இரண்டு ஓரங்களுக்கும் போகும். காற்று சரிவுக்குச் செங்குத்தாகத்தான் உறிஞ்சும் என்பது உண்மை. கணக்கு எளிதாக இருக்க இங்கே மேல்நோக்கிய கூறை மட்டும் எடுக்கிறேன். கிடைக்கூறைச் சேர்த்தால் டையில் வரும் அமுக்கம் கொஞ்சம் குறையும், திசை மாறாது.

தெரியாத இடப்பெயர்ச்சிகள் மூன்றுதான்: முகட்டின் கிடை, முகட்டின் செங்குத்து, வலது முனையின் கிடை. தீர்த்தால் முகடு 7.246 எம்எம் மேலே போகிறது, 1.329 எம்எம் இடது பக்கம் நகர்கிறது. வலது முனை 2.658 எம்எம் உள்ளே வருகிறது. இடது முனை அசையவில்லை.

இனி உறுப்பு விசை. ஒரு உறுப்பின் இரண்டு முனைகளும் எவ்வளவு நகர்ந்தன என்பதை அந்த உறுப்பின் திசையிலேயே அளந்து, நீட்சியை EA/L-ஆல் பெருக்க வேண்டும்:

```
N = (EA/L) * ( c*(uj - ui) + s*(vj - vi) )
```

`i` தொடக்க முனை, `j` முடிவு முனை. `u` கிடை இடப்பெயர்ச்சி, `v` செங்குத்து இடப்பெயர்ச்சி, `L` உறுப்பின் நீளம். `c`, `s` இரண்டும் `i`-இலிருந்து `j` நோக்கிய திசைக் கொசைன்கள். விடை நேர்க்குறியாக வந்தால் உறுப்பு நீள்கிறது, அதாவது இழுவிசை. இடது ராஃப்டருக்கு `c` 0.9231, `s` 0.3846. நீட்சி 0.9231 × (−1.329) + 0.3846 × 7.246, அதாவது 1.56 எம்எம். EA/L ஒரு எம்எம்முக்கு 20 கிலோநியூட்டன் என்பதால் விசை 31.2 கிலோநியூட்டன் இழுவிசை. டைக்கு நீட்சி −2.658 எம்எம், EA/L 10.83, ஆக விசை −28.8. இது அமுக்கம்.

இந்தக் கழித்தல் குறியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டை என்றாலே இழுபடும் கம்பி என்று பழகிவிட்டோம். கூரையின் எடை கீழே அழுத்தும்போது அது சரி. காற்று மேலே தூக்கும்போது அதே கம்பி நசுங்குகிறது. இந்தக் குழாயின் சுழற்சி ஆரம் சுமார் 20.3 எம்எம். 9.6 மீட்டருக்கும் பக்கவாட்டில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் விட்டால் நீளத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் 473. ஆய்லர் சூத்திரப்படி வெறும் 4.6 கிலோநியூட்டனிலேயே அது வளைந்துவிடும். நம் கணக்கோ 28.8 கேட்கிறது. ஸ்டிஃப்னஸ் முறைக்கு வளைவதெல்லாம் தெரியாது. நீண்டால் என்ன விறைப்போ சுருங்கினாலும் அதே விறைப்பு என்று நம்பி −28.8-ஐக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

குறுக்குக் கம்பிகள் டையை ட்ரஸ்ஸின் தளத்துக்குள் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் பிடிப்பது அடுத்த ட்ரஸ்ஸோடு இணைக்கும் டை ரன்னர் மட்டும்தான். மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்றாக இரண்டு வரிசை வைத்தால் பிடிப்பற்ற நீளம் 3.2 மீட்டர் ஆகும், ஆய்லர் விசை சுமார் 41-க்கு ஏறும். ஐ.எஸ். 800 அனுமதிப்பது அதைவிடக் குறைவு, அதையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ரன்னர்களைத்தான் நம் ஊர் ஷெட்களில் "தேவையில்லாத இரும்பு" என்று முதலில் வெட்டுகிறார்கள்.

அப்புறம் தாங்கியின் எதிர்விசை. தம்பி தவறியது இங்கேதான். ஸ்டிஃப்னஸ் அணியில் தாங்கிகளுக்கான வரிசைகளை எடுத்து இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் கிடைப்பது, உறுப்புகளைப் பிடித்து நிறுத்த அந்த மூட்டில் தேவைப்படும் விசை. இடது முனையில் ராஃப்டர் 31.2-ஆல் மேலே இழுக்கிறது. அதன் செங்குத்துக் கூறு 12. அதைப் பிடித்துவைக்கக் கீழ்நோக்கி 12 வேண்டும், அதாவது −12. கிடையில் ராஃப்டரும் டையும் ஒன்றையொன்று சரிக்கட்டிச் சுழியம்.

ஆனால் அதே மூட்டில் ஓரத்துப் பர்லின் வழியாக நேரடியாக 12 கிலோநியூட்டன் மேலே இழுக்கிறதே. அது எந்த உறுப்புக்குள்ளும் போவதில்லை. மூட்டையே பிடித்துத் தூக்குகிறது, நேராக போல்ட்டுக்குப் போய்ச் சேருகிறது. அதனால் சரியான வரி இதுதான்:

```
R = K[r, :] @ u - P[r]
```

`K` ஸ்டிஃப்னஸ் அணி, `P` மூட்டுகளில் விழும் சுமைகள், இங்கே `u` என்பது எல்லா இடப்பெயர்ச்சிகளும் சேர்ந்த பட்டியல், `r` என்பது கட்டுண்ட திசைகளின் வரிசை எண்கள். −12 − 12, ஆக −24. வலது முனையிலும் அதே −24. தம்பியின் நிரலில் `- P[r]` இல்லை. இடப்பெயர்ச்சி சுழியமான திசைகளைத் தீர்க்கும் முன் நீக்கிவிடுகிறோம் அல்லவா, அப்போது அந்தத் திசைகளின் சுமைகளையும் சேர்த்தே நீக்கிவிட்டார். இடப்பெயர்ச்சிக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. தாங்கி மேல் நேராக நிற்கும் சுமை ட்ரஸ்ஸை அசைக்காது. அதனால்தான் பிழை அதுவரை வெளியே தெரியவில்லை.

பிறகு பேலன்ஸ் எப்படிச் சுழியம் வந்தது? அவர் கூட்டிப் பார்த்தது அந்தக் குறைக்கப்பட்ட சுமைப் பட்டியலைத்தான். முகட்டின் 24 மேலே, எதிர்விசைகள் 12 + 12 கீழே, கூட்டினால் சுழியம். இரண்டு பக்கமும் ஒரே பிழை. "தம்பி, சுமையை நிரலிலிருந்து எடுக்காதீங்க. காற்று அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கி, தாளில் தனியா எழுதுங்க" என்றேன். 1.25 × 9.6 × 4 என்று எழுதிய உடனேயே 48 வந்தது. எதிர்விசை 24 மட்டும். அவர் முகம் மாறியது அப்போதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஷெட்களில் வலது முனைக்கு உருளை யாரும் வைப்பதில்லை. பேஸ் பிளேட்டில் ஓவல் ஹோல் போட்டு, நகரும் என்று எடுத்துக்கொள்கிறோம். பல தளங்களில் வட்டத் துளை போட்டு இறுக்கி முடுக்கிவிடுகிறார்கள். அப்படியானால் கணக்கே வேறு. வலது முனை அசையவே முடியாது என்று வைத்துத் தீர்த்தால் முகடு 4.06 எம்எம் மட்டுமே ஏறும். 7.2-ஐவிட நல்ல விடை போலத் தோன்றும். ராஃப்டரில் அதே 31.2. டையில் சுழியம். அமுக்கம் எங்கே போனது? தாங்கிகளுக்குக் கிடைவிசையாக, பக்கத்துக்கு 28.8 கிலோநியூட்டன். இரண்டு தூண்களையும் ட்ரஸ் உள்நோக்கி இழுக்கிறது. 5 மீட்டர் உயரத் தூணாக இருந்தால் அடியில் 144 கிலோநியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்பம். அதற்காக யாரும் தூண் வடிவமைக்கவில்லை. நிஜத்தில் தூண் சற்றே வளைந்து கொடுக்கும், ஆகவே உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். எங்கே என்பது தூணின் விறைப்பைப் பொறுத்தது, அதையும் மாடலில் சேர்த்தால்தான் தெரியும்.

இங்கேயும் மொத்தக் கூட்டல் சுழியம்தான் காட்டும், இரு பக்கக் கிடைவிசைகளும் எதிரெதிர் என்பதால். ஆகவே கூட்டலோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு தாங்கியின் கிடைவிசையையும் தனித்தனியாகப் படியுங்கள். மேல்நோக்கிய சுமை மட்டும் இருக்கும்போது, நகரும் முனை கொண்ட ட்ரஸ்ஸில் அது சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மாடலில் எங்கோ ஒரு முனை பூட்டிக் கிடக்கிறது.

மேஸ்திரிக்குச் சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டேன். 24 கிலோநியூட்டன் என்பது கிட்டத்தட்ட ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் எடை. போல்ட்டைவிட, அந்த போல்ட் பிடித்திருக்கும் பெடஸ்டலும் அடிப்பாதமும் மேலே கிளம்பாமல் இருக்க அவ்வளவு எடை வேண்டும். எடையில் 0.9 பங்கைத்தான் கணக்கில் எடுப்போம் என்பதால் அதற்கும் மேலேயே. 12-க்குத் தோண்டிய குழியில் அரை கனமீட்டருக்குத்தான் இடம் இருந்தது. "குழியை அகலப்படுத்தணும்ணே, நாளைக்கு டெம்ப்ளேட் வேண்டாம்" என்றேன். கொஞ்சம் முணுமுணுத்தார். மறுநாள் காலை நான் போவதற்குள் நான்கு பேர் குழிக்குள் இறங்கியிருந்தார்கள்.