லிரிக் வீடியோவில் சொல் எப்போது வந்து சேர வேண்டும்?

வன்னியில் இப்போது சொந்தமாகப் பாட்டு எழுதிப் பதிவு செய்யும் இளையவர்கள் கூடிவிட்டார்கள். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு சின்ன அறையில் குரல் பதிவாகிறது. நடிகர்களை வைத்துப் படம் பிடிக்கக் காசு இல்லாதபோது லிரிக் வீடியோதான் வழி. பாடகர் பாட, சொற்கள் திரையில் அசைந்து வரும். இப்படிச் செய்த வீடியோக்களுக்கு வரும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணை, சில சொல் சரியா வருது, சில சொல் பிந்துது." எல்லாச் சொல்லும் ஒரே அளவு பிந்தினால் முழுவதையும் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடலாம். சிலது மட்டும் ஏன் பிந்துகிறது என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் பாதி நம் காதில் இருக்கிறது, மீதி சொல் அசையும் விதத்தில் இருக்கிறது.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறப்பதைப் பற்றிய பாட்டு என்று வையுங்கள். வரி: "குளம் திறந்தால் வயல் சிரிக்கும்." நிமிடத்துக்கு 100 தாளம், ஒரு தாளத்துக்கு ஒரு சொல், கடைசிச் சொல் மட்டும் நீண்டு இழுபடுகிறது. வீடியோ செக்கனுக்கு 25 ஃபிரேம். ஆக, ஒரு தாளம் 0.6 செக்கன், அதாவது 15 ஃபிரேம். ஒரு ஃபிரேம் 40 மில்லிசெக்கன்.

முதலில் காதைப் பார்ப்போம். ஒரு சொல் எந்தக் கணத்தில் தாளத்தில் விழுந்ததாக நாம் உணர்கிறோம்? ஒலி தொடங்கும் கணத்தில் அல்ல. ஜான் மோர்ட்டனும் அவருடைய சகாக்களும் 1976 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத்தான் பேசியது. சொற்களின் ஒலித் தொடக்கங்களைச் சம இடைவெளியில் அடுக்கினாலும் கேட்பவருக்கு அவை சமமாக விழுவதாகத் தோன்றாது. சொல்லின் அடி விழும் இடம், ஏறக்குறைய, முதல் உயிரொலி திறக்கும் இடத்தை ஒட்டியே இருக்கிறது. பாடகர்களும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படித்தான் பாடுகிறார்கள். உயிர் தாளத்தில் விழும்படி மெய்யைக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுவார்கள்.

நம் வரியின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் அலைவடிவத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். "குளம்" தொடங்கும்போது க் ஒரு சின்ன வெடிப்பு. அடுத்த ஃபிரேமுக்குள்ளேயே உ திறந்து அலை பருத்துவிடுகிறது. "சிரிக்கும்" அப்படி இல்லை. நம் பக்கத்தில் சொல்லின் முதலில் வரும் ச-வை ஸ போலத்தான் உச்சரிக்கிறோம். அதனால் முதலில் மெல்லிய, நுரை போன்ற ஓர் இரைச்சல் இரண்டு மூன்று ஃபிரேமுக்கு ஓடும். அதன் பிறகுதான் இ திறந்து ஒழுங்கான அலை எழும்பும். தாளம் விழுவது அந்த இரண்டாவது இடத்தில். பெரும்பாலானவர்கள் குறி வைப்பதோ இரைச்சல் தொடங்கும் முதல் இடத்தில்.

இனி அசைவு. திரையில் வரும் சொல் ஒரே வேகத்தில் வந்து சட்டென்று நின்றால் கண்ணுக்கு உறுத்தும். அதனால் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்கள், அதைத்தான் ஈஸிங் என்கிறோம். வேகமாக வந்து மெல்லத் தணிந்து நிற்பது ஈஸ்-அவுட். ஏ9 வீதியில் விரைந்து வரும் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓரங்கட்டுகிறதே, அப்படி. மெல்லத் தொடங்கி, நடுவில் வேகம் பிடித்து, மறுபடி தணிவது ஈஸ்-இன்-அவுட். மென்பொருளில் ஒரே விசையில் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் F9 அழுத்தினால் இரண்டு பக்கமும் தணிந்துவிடும்.

அதிகம் பயன்படும் ஓர் ஈஸ்-அவுட் வளைவின் கணக்கு இது:

```
f(t) = 1 − (1 − t)³
```

t என்பது கடந்த நேரத்தின் பங்கு, f என்பது கடந்த தூரத்தின் பங்கு. "சிரிக்கும்" கீழேயிருந்து 160 பிக்சல் மேலே ஏறி வருகிறது, அதற்கு 8 ஃபிரேம் கொடுத்திருக்கிறோம் என்று வைப்போம். முதல் ஃபிரேமிலேயே 53 பிக்சல் ஏறிவிடும். இரண்டாவதில் 92, மூன்றாவதில் 121, நான்காவதில் 140. பாதி நேரம் போவதற்குள் தூரத்தில் 87.5 வீதம் முடிந்துவிட்டது. மீதி 20 பிக்சலை அடுத்த நான்கு ஃபிரேமும் பகிர்ந்துகொள்ளும். கண்ணைப் பொறுத்தவரை சொல் நான்காவது ஐந்தாவது ஃபிரேமிலேயே வந்து சேர்ந்துவிட்டது. மிச்சம் வெறும் அடங்கல்.

இதே 8 ஃபிரேமுக்கு அதே கன அடுக்கு ஈஸ்-இன்-அவுட் போட்டால் நான்காவது ஃபிரேமில் பாதித் தூரம்தான் வந்திருக்கும். மூன்றாவதில் 21 வீதம்.

இப்போது அந்த முறைப்பாட்டுக்குத் திரும்பலாம். ஒருவர் எல்லாச் சொல்லின் அசைவையும் அலைவடிவம் தொடங்கும் இடத்தில் தொடங்குகிறார், வளைவு ஈஸ்-இன்-அவுட். "குளம்" என்பதன் உயிர் திறக்கும்போது அந்தச் சொல் இன்னும் கிளம்பவே இல்லை. "சிரிக்கும்" மூன்று ஃபிரேம் முந்திக் கிளம்பியதால் உயிர் திறக்கும்போது 21 வீதம் வந்திருக்கிறது. அதே தொடக்கத்தில் ஈஸ்-அவுட் போட்டிருந்தால் 75 வீதம் வந்திருக்கும், ஓரளவு சரியாகத் தெரியும். "குளம்" அப்போதும் பிந்தியே இருக்கும். மெய்யின் நீளம் சொல்லுக்குச் சொல் மாறுவதால் பிந்தலும் சொல்லுக்குச் சொல் மாறுகிறது. முழு வரியையும் முன்னால் தள்ளினாலும் தீராததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே குறியை உயிர் திறக்கும் ஃபிரேமில் வையுங்கள். அசைவை அங்கே தொடங்கக் கூடாது, அங்கே வந்து சேர வைக்க வேண்டும். மேலே சொன்ன 8 ஃபிரேம் ஈஸ்-அவுட்டை 5 ஃபிரேம் முன்னால் தொடங்கினால், உயிருக்கு ஒரு ஃபிரேம் முன்பு 87.5 வீதம், உயிர் திறக்கும்போது ஏறத்தாழ 95 வீதம். சொல் குரலோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஒரு ஃபிரேம் முந்தலை வேண்டுமென்றே வைக்கிறோம். தூரத்தில் ஒருவர் விறகு கொத்தினால் கோடரி விழுவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். படம் முந்தி ஒலி பிந்துவதற்கு நம் மூளை பழகியிருக்கிறது. ஒலிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரையிலும் இதே சாய்வு இருக்கிறது: ஒலி சுமார் 45 மில்லிசெக்கன் முந்தினாலே கவனிக்கிறோம், பிந்தினால் சுமார் 125 மில்லிசெக்கன் வரை கவனிப்பதில்லை. ஆகவே பிழை விடுவதானால் சொல் ஓரிரு ஃபிரேம் முந்தும் பக்கமாகவே விடலாம்.

அப்புறம், எது பெரிதாக வர வேண்டும்? நாலு சொல்லும் 160 பிக்சல் பாய்ந்து வந்தால் கண்ணுக்கு எதுவும் முக்கியமில்லை. குரல் எந்தச் சொல்லில் தங்குகிறது என்று கேளுங்கள். இங்கே "சிரிக்கும்" தான். அதைச் சாதாரணச் சொல்லைப் போல இரண்டு மடங்கு அளவில், தடித்த எழுத்தில் வையுங்கள். மற்ற மூன்றும் ஒரே அளவு, ஒரே தடிப்பு, 30 பிக்சல் மட்டும் அசைந்து வரட்டும். அளவு மட்டுமல்ல, எவ்வளவு தூரம் அசைகிறது என்பதும் ஒரு சொல்லின் இடத்தைச் சொல்லும். பாடி முடிந்த சொல் பாதி மங்கலாகி அங்கேயே நிற்கலாம்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் குரல் தங்கும் சொல்லும் பல வரிகளில் கடைசியில்தான் வரும். "குளம் திறந்தால்" மேல் வரி, "வயல்" அதன் கீழே, அதற்கும் கீழே பெரிய சொல்லுக்கான இடம் முதலிலிருந்தே காலியாக இருக்க வேண்டும். இடம் விடாமல் விட்டு, கடைசிச் சொல் வரும்போது மற்றதை ஒதுக்கினால், படித்து முடித்த சொற்கள் எல்லாம் மறுபடி அசையும். கண் அங்கே ஓடிவிடும். தமிழில் மேலே ி, ீ, கீழே ு, ூ என்று நீட்சிகள் இருப்பதால் வரி இடைவெளியையும் எழுத்தளவைப் போல 1.4 மடங்காவது விட வேண்டும். தடித்த எழுத்தைத் தேரும்போது ண, ன போன்றவற்றின் சுழிகள் அடைபடவில்லையா என்று போன் திரையில் பாருங்கள்.

அசையாமல் நிற்கும் நேரமும் கணக்கில் வர வேண்டும். "வயல்" தன் உயிருக்கு 3 ஃபிரேம் பிறகு அடங்குகிறது. அடுத்த சொல் 10 ஃபிரேம் பிறகு கிளம்புகிறது. இடையில் 7 ஃபிரேம் திரை அமைதியாக இருக்கிறது, அப்போதுதான் படிக்கிறோம். பாட்டு இரட்டை வேகம் பிடித்தால் இந்த அமைதி முழுவதும் போய்விடும், ஒரு சொல் அடங்குமுன் அடுத்தது கிளம்பும். அங்கே அசைவை 4 ஃபிரேமுக்குக் குறைப்பதைவிட, இரண்டு சொல்லைச் சேர்த்து ஒன்றாகக் கொண்டுவருவது எனக்குப் பிடிக்கும்.

நீண்டு இழுபடும் சொல்லைப் பிரித்துக் காட்ட ஆசை வரும். எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டாம். "சிரிக்கும்" என்பதில் க்-க இடையே உண்மையில் ஒலியே இல்லை, நாக்கு அடைத்துக்கொண்ட சிறு மௌனம் அது. அந்த மௌனத்தில் க் தனியாகத் துள்ளினால் காதுக்கும் கண்ணுக்கும் பொருந்தாது. சி, ரிக், கும் என்று அசையாகப் பிரித்தால் மூன்று உயிருக்கு மூன்று வரவு, சரியாக இருக்கும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாடல் வரிகள் பெரும்பாலும் பாமினியில் ரைப் செய்யப்பட்டு வந்து சேரும். பாமினியில் "கொட்டும்" என்பது உள்ளே `nfhl;Lk;` என்றுதான் இருக்கிறது. `n` கொம்பு, `f` க, `h` கால். எழுத்துக்கு எழுத்து அசைக்கச் சொன்னால் மென்பொருள் இவற்றைத் தனித்தனி எழுத்தாக எண்ணி, முதலில் ஒற்றைக் கொம்பை மட்டும் பறக்கவிடும். முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் சில மென்பொருள்கள் கொ-வை க, ொ என்று இரண்டாக வெட்டும். திரையில் புள்ளிகளாலான ஒரு வட்டம் தோன்றினால் அதுதான் அறிகுறி. அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வோர் அசையையும் தனி லேயராக வைப்பதுதான் பாதுகாப்பு.

சொல் வெளியேறும்போது வளைவு திரும்பிவிடும்: மெல்லக் கிளம்பி வேகமாகப் போகும் ஈஸ்-இன், 5 ஃபிரேம் போதும். "சிரிக்கும்" முடிவில் ம் மூக்கில் இழுபடும். அந்த ரீங்காரம் அடங்கும் வரை சொல் நிற்க வேண்டும்.

சரிபார்க்கும்போது புளூடூத் இயர்போனைக் கழற்றி வையுங்கள். பலவற்றில் ஒலி 100 முதல் 200 மில்லிசெக்கன் வரை பிந்தி வரும். அதைக் கேட்டு ஒழுங்குபடுத்தினால் வேறு எல்லோருக்கும் சொற்கள் மூன்று முதல் ஐந்து ஃபிரேம் பிந்தும். வயர் இயர்போனோடு முதலில் முழு வேகத்தில் பாருங்கள். பிறகு சந்தேகமான சொல்லில் நிறுத்தி, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, உயிர் திறக்கும் ஃபிரேமில் சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். தன் இடத்துக்குப் பத்துப் பிக்சலுக்குள் இருந்தால் அடுத்த சொல்லுக்குப் போகலாம்.