குர்தாவின் முன்பட்டி ஏன் நெளிகிறது?

போன வாரம் வாசகர் ஒருவர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். முதல் படத்தில் புதிதாகத் தைத்து வாங்கிய பருத்தி குர்தா, சைனீஸ் காலர், முன்பட்டி ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேராக நிற்கிறது. இரண்டாவது படம், ஒரே ஒரு முறை துவைத்து இஸ்திரி போட்ட பிறகு எடுத்தது, அதே பட்டி கழுத்திலிருந்து நெஞ்சு வரை வடாம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. "தையல் சரியில்லையா, துணி சரியில்லையா?" என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணியில் மெல்லிய நீலக் கோடுகள். உடம்பில் கோடுகள் மேலிருந்து கீழே ஓடுகின்றன, பட்டியில் மட்டும் குறுக்கே ஓடுகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, நிறையப் பேர் அப்படிக் கேட்டுத்தான் தைக்கச் சொல்கிறார்கள். ஆனால் காரணம் அந்தக் கோட்டிலேயே இருக்கிறது.

முதலில் பட்டி என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். குர்தாவின் முன் நடுவில் ஏறத்தாழ 35 செ.மீ. நீளத்துக்கு ஒரு திறப்பு. அதன் இரண்டு பக்கமும் தனியாக வெட்டிய இரண்டு நீளத் துண்டுகளை மடித்துத் தைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்கிறோம். ஆண்கள் உடையில் போடுபவரின் இடது பக்கத் துண்டு மேலே வரும், அதில் காஜா. வலது துண்டு கீழே, அதில் பட்டன். எண்ணிப் பார்த்தால் அந்த 3 செ.மீ. அகலத்துக்குள் நான்கு அடுக்குத் துணி, ஓரங்களில் தையலுக்கு விட்ட துணியும் சேர்ந்து இன்னும் அதிகம். இத்தனை அடுக்கும் ஒரே நீளத்தில் இருந்தால் பட்டி படியும். ஒன்று கொஞ்சம் நீண்டுவிட்டால், அந்த மிச்சத்துக்குப் போக இடமில்லாமல் மேலே எழும்பும்.

எவ்வளவு எழும்பும் என்பதுதான் நான் முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது என்னை அசர வைத்த விஷயம். அடியில் இருக்கும் துணி 33.6 செ.மீ., மேலே இருக்கும் பட்டி அதைவிட 1 மி.மீ. மட்டும் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டி இரண்டு முனையிலும் பிடிபட்டு, நடுவில் கூடாரம் மாதிரி தூக்கி நிற்கிறது என்றால், அதில் பாதி ஒரு செங்கோண முக்கோணம். அடிப்பக்கம் 16.8, சாய்வுப் பக்கம் 16.85. பள்ளியில் படித்த பிதாகரஸ்தான்: 16.85² − 16.8² = 1.68, அதன் வர்க்கமூலம் 1.3. ஒரு மில்லிமீட்டர் மிச்சத்துக்கு 1.3 செ.மீ. உயரம்! மிச்சம் 7 மி.மீ. ஆனால் உயரம் ஏறத்தாழ மூன்றரை செ.மீ. உண்மையில் இப்படி ஒரே கூடாரமாக நிற்காது, ஓரத் தையலும் பட்டன்களும் அங்கங்கே பிடித்துக்கொள்வதால் நான்கைந்து அலைகளாக உடைந்துவிடும். அப்படி ஐந்தாக உடைந்தாலும் 7 மி.மீ. மிச்சத்துக்கு ஒவ்வொரு அலையும் 7 மி.மீ. அளவுக்கு எழும்ப வேண்டியிருக்கும். வாசகரின் படத்தில் பார்த்தது ஏறத்தாழ அதைத்தான். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை இஸ்திரிப் பெட்டி அழுத்தி உள்வாங்க வைத்துவிடும், பருத்தி அந்த அளவுக்கு இணங்கும். ஏழு மில்லிமீட்டரை எந்தப் பெட்டியாலும் ஒளிக்க முடியாது.

சரி, 7 மி.மீ. எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து. பருத்தி சுருங்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் இழை சுருங்குவதால் துணி சுருங்குகிறது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். நடப்பது அதற்கு நேர்மாறு. பருத்தி இழை தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது. நீளவாக்கில் அது வளர்வது மிகக் குறைவு, ஆனால் குறுக்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தடித்துவிடும். இப்போது தரையில் வரிசையாகக் கம்புகள் கிடப்பதாகவும், ஒரு கயிறு அவற்றின் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போவதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெல்லாம் தடித்துவிட்டால் கயிறு ஒவ்வொன்றையும் சுற்ற அதிக நீளம் வேண்டும். கயிற்றின் நீளம் கூடவில்லை. அதனால் கம்புகள் நெருங்கி வந்தே ஆக வேண்டும். கயிறுதான் துணியின் நெடுக்கே ஓடும் பாவு நூல், கம்புதான் குறுக்கே ஓடும் ஊடை நூல். துணியில் இருக்கிற நூல் ஒரு அங்குலம்கூடக் குறையவில்லை, ஆனால் துணி குட்டையாகிவிட்டது. காய்ந்ததும் இழை மறுபடியும் மெலிந்துவிடுகிறதே, துணி ஏன் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை? ஏனென்றால் பாவு நூலை இழுத்துப் பிடித்திருந்த தறி இப்போது இல்லை. இழுக்க ஆள் இல்லாமல், நூலும் நூலும் உரசிப் பிடித்துக்கொண்ட புதிய வளைவிலேயே நின்றுவிடுகிறது.

தறியில் அதிகம் இழுபடுவது பாவு நூல்தான், அதனால் பெரும்பாலான பருத்தித் துணிகள் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும். ஈரோட்டில் வாங்கி வைத்திருந்த ஒரு கைத்தறிப் பருத்தியில் நானே அளந்தேன். நெடுக்கும் குறுக்கும் 50 செ.மீ. தள்ளி வண்ண நூலில் அடையாளம் தைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, நிழலில் காயவைத்து, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போட்டு அளந்தால், பாவுப் பக்கம் 48, ஊடைப் பக்கம் 49. அதாவது 4 சதவீதம், 2 சதவீதம். இதை வாசகரின் குர்தாவுக்கு வைத்துப் பார்ப்போம். உடம்பு பாவுப் பக்கம் வெட்டியது, 35 செ.மீ. திறப்பு 33.6 ஆகிவிட்டது. பட்டி குறுக்கே வெட்டியது, அதே 35 செ.மீ. 34.3-இல் நின்றுவிட்டது. வித்தியாசம் 7 மி.மீ. தையற்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்ல மாட்டேன், நனைக்காத துணியில் கோட்டைத் திருப்பி வைத்தது தப்புதான். ஆனால் அவர் தையல் ஒழுங்கான தையல்.

இந்தச் சுருக்கத்தை ஆலையிலேயே முடித்துவிடும் முறையை 1930-வாக்கில் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் க்ளூயெட். துணியைத் தடித்த, நீண்டு சுருங்கும் பட்டையோடு ஒட்டவைத்து, பட்டை சுருங்கும்போது துணியையும் நீளவாக்கில் நெருக்கிவிடும் முறை அது. சான்ஃபரைஸ்டு என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான். அவர் இருந்த நிறுவனம் சட்டைக்கும் காலருக்கும் பேர்போனது, காலர் சுருங்கினால் முதலில் தெரிவது கழுத்தில்தானே. கைத்தறித் துணிக்கு அந்த வசதி இல்லை, நாம்தான் நனைக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. கோடித் துணியை நனைத்துவிட்டால் அது கோடி இல்லை, தீபாவளிக்கு நனையாத துணிதான் உடுத்த வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மரியாதையோடு சொல்கிறேன், மூலையில் மஞ்சள் தடவுவதை அப்படியே வைத்துக்கொள்வோம், ஆனால் வெட்டுவதற்கு முன் நனைப்பதை இதற்காக விட்டுவிட வேண்டாம். கோயம்புத்தூரில் சிட்ரா மாதிரி ஜவுளி ஆராய்ச்சி நிலையமே இருக்கும் மாநிலத்தில், ஒற்றை மிஷின் போட்டுத் தைக்கும் தையற்காரர் கையில் இந்த இரண்டு சதவீத, நான்கு சதவீதக் கணக்கைத் தமிழில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி வெட்டுவது. துணியை நனைத்துக் காயவைத்தாகிவிட்டது. முடிந்த பட்டி 3 செ.மீ. அகலம் வேண்டுமென்றால், மடிப்புக்கு இரண்டு மூன்று, தையலுக்கு இரண்டு ஒன்று, ஆக 8 செ.மீ. அகலம், 39 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு, பாவுப் பக்கமாக. விறைப்புக்காக உள்ளே ஒட்டும் பேஸ்டிங் துணியை மேலே தெரியும் பாதிக்கு மட்டும், மடிப்புக் கோடு வரை ஒட்டினால் போதும், அதையும் முன்பே வெந்நீரில் நனைத்துக் காயவைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது தனிக் கணக்கில் சுருங்கும். முன்பக்கத்தில் 3 செ.மீ. இடைவெளியில் இரண்டு தையல் கோடு வரைந்து, நடுவே வெட்டிக்கொண்டு வந்து, திறப்பு முடியும் அடிக்கோட்டுக்கு ஒன்றரை செ.மீ. முன்னால் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு மூலைக்கும் சாய்வாக வெட்ட வேண்டும். மூலையில் முன்பே சின்னத் தையல் ஓட்டிவிட்டு, கடைசி ஒரு நூலை விட்டு நிறுத்துங்கள். முன்னாலேயே நின்றுவிட்டால் மூலையில் மடிப்பு விழும், ஒரு நூல் தாண்டினால் ஓட்டை.

அப்புறம் தைக்கும்போது மிஷின் செய்யும் வேலை. கீழே இருக்கும் பல் கீழ்த்துணியை முன்னால் தள்ளுகிறது, மேலே இருக்கும் ஃபுட் மேல்துணியை உரசிப் பின்னால் பிடிக்கிறது. ஒரே அளவில் 50 செ.மீ. நீள இரண்டு துண்டுகளை வைத்து, கையால் இழுக்காமல் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள், மேல்துண்டு கொஞ்சம் மிஞ்சும். என் மிஷினில் 4 மி.மீ. மிஞ்சியது. 7 மி.மீ. என்ன பாடு படுத்தும் என்று பார்த்தோமே, இதுவும் அதே வகைதான். அதனால் பட்டியை முதலில் கையால் இழையோட்டித் தைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் அடியிலிருந்து கழுத்து நோக்கி ஒரே திசையில் தையுங்கள். ஒன்று மேலிருந்தும் இன்னொன்று கீழிருந்தும் தைத்தால் இரண்டும் எதிரெதிராக நகர்ந்து பட்டி முறுக்கிக்கொள்ளும்.

காலரில் இதே நீளக் கணக்கு தலைகீழாக வரும், அங்கே நீளம் வேண்டுமென்றே வேறுபட வேண்டும். கழுத்து மேலே போகப் போகக் குறுகும் கூம்பு. நேரான செவ்வகத் துண்டை வைத்தால் அது உருளையாகத்தான் நிற்கும், மேல் ஓரம் கழுத்தை விட்டு விலகிவிடும். தைக்கும் ஓரம் 41 செ.மீ., மேல் ஓரம் 39.5, உயரம் 3.5 என்றால், கூம்பை விரித்த வளைவு கிடைக்கும், அதில் பின் நடுப்பகுதியைவிட முன் முனைகள் 2.2 செ.மீ. மேலே ஏறி, காலர் சிரிப்பது மாதிரி இருக்கும். உள்பக்கத் துண்டை ஒரு மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள், வளையும்போது உள்ளே இருப்பதற்குக் குறைந்த தூரமே வேண்டும். கழுத்து வெட்டில் சில இடங்கள் நூலுக்குச் சாய்வாக, கிராஸில் விழுவதால் கை பட்டாலே இழுபடும், வெட்டியதும் அதன் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டி, பட்டி முடிந்த பிறகு மறுபடியும் அளந்துதான் காலரை வெட்ட வேண்டும்.

வாசகரின் குர்தாவைக் காப்பாற்றலாம். இன்னும் ஒரு முறை நனைத்துக் காயவையுங்கள், சுருங்க வேண்டியது முழுக்கச் சுருங்கட்டும். பட்டியின் நீளத் தையலையும், அதன் அடியில் கட்டமாகப் போட்ட பெட்டித் தையலையும் பிரித்து, கழுத்து முனையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு, உடம்பையும் பட்டியையும் தனித்தனியே இஸ்திரி போட்டு, மேலிருந்து கீழே படியவைத்து இழையோட்டித் தையுங்கள். மிஞ்சும் 7 மி.மீ. அடியில் வந்து சேரும், அந்தப் பெட்டித் தையலுக்குள் மடித்துவிடலாம். இரண்டு பட்டியும் ஒரே அளவு சுருங்கியிருப்பதால் காஜாவும் பட்டனும் இடம் மாறாது. பழைய ஊசித் துளைகள் தெரியுமே என்று கவலை வேண்டாம், ஈரத்துணியை மேலே போட்டு அழுத்தினால் இழை பருத்துப் பெரும்பாலும் மூடிவிடும்.