ஸ்டோர் அலமாரியை மீட்டர் பார்த்து நிரப்புங்கள்

மே மாதம் இரண்டாம் வாரம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். ஏற்காட்டிலிருந்து சரக்கு இறக்கிவிட்டு சேலம் திரும்பிக்கொண்டிருந்த எங்கள் டிரைவர் போன் செய்தார். "அண்ணா, பிரேக் மிதிச்சா இரும்போட இரும்பு உரசுற சத்தம் வருது. வளைவு தாண்டி ஓரமா நிறுத்திட்டேன்." அவர் நிறுத்தியது சரி. அடிவாரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உடனே ஸ்டோரைத் திறந்தேன். ஆயில் ஃபில்டர் 23 இருந்தது. அதில் 11 நாங்கள் விற்றுவிட்ட பழைய வண்டிகளுக்கு உரியது. என்ஜின் ஆயில் கேன்கள் வரிசையாக நின்றன. அந்த வண்டிக்கு வேண்டிய முன்சக்கர பிரேக் பேட் ஒரு செட்கூட இல்லை. மறுநாள் காலை கடை திறந்த பிறகு வாங்கி, மெக்கானிக்கை மேலே அனுப்பினோம். அதற்குள் டிஸ்க்கில் ஆழமான கோடு விழுந்திருந்தது. அதையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

பணம் போடாததால் வந்த பிரச்சினை இல்லை இது. பணத்தைத் தவறான பொருளில் போட்டிருந்தோம். அதற்குக் காரணம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வண்டிக்கும் சர்வீஸ், அதற்கு முந்தைய வாரம் மொத்தமாகக் கொள்முதல் என்று நாங்கள் பின்பற்றிய வழக்கம்தான்.

எங்களிடம் 14 டெலிவரி வண்டிகள். ஒன்பது வண்டிகள் சேலம் நகருக்குள்ளேயே சுற்றுகின்றன. தெருத்தெருவாக நின்று நின்று போவதால் நாளைக்கு 45 கிலோமீட்டர்தான் ஓடும். மூன்று வண்டிகள் ஆத்தூர், எடப்பாடி, தர்மபுரி என்று வெளியூர் போகின்றன. அவற்றுக்குச் சராசரி 160. மீதி இரண்டும் ஏற்காடு வண்டிகள். ஏறி இறங்கி, மேலே எஸ்டேட் கடைகளுக்கும் போய் வந்தால் 80. மாதத்துக்கு 26 நாள் ஓட்டம்.

இப்போது மூன்று மாதக் கணக்கை இதன்மேல் வைத்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் நகர வண்டி ஓடியது ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். வெளியூர் வண்டி அதே மூன்று மாதத்தில் 12,480 ஓடிவிடுகிறது. எங்கள் வண்டிகளின் கையேட்டில் ஆயில் மாற்ற 10,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. ஆக, நகர வண்டியில் இன்னும் பாதி ஆயுள்கூட முடியாத ஆயிலை வடித்துக் கொட்டினோம். வெளியூர் வண்டியை ஒவ்வொரு முறையும் 2,480 கிலோமீட்டர் கூடுதலாக, கறுத்துப்போன ஆயிலிலேயே ஓட்டினோம். ஒரே வழக்கத்தில் இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஆண்டுக் கணக்கு போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. 14 வண்டிக்கு ஆண்டுக்கு நான்கு முறை என்றால் 56 ஆயில் சர்வீஸ். கிலோமீட்டர்படி போட்டால் வெளியூர் வண்டிகளுக்கு 15, நகர வண்டிகளுக்கு 17, மலை வண்டிகளுக்கு 7, மொத்தம் 39. சர்வீஸுக்கு ஐந்து லிட்டர் என்றால் 280 லிட்டர் வாங்கிய இடத்தில் 195 லிட்டர் போதும். இதில் நகருக்கும் மலைக்கும் நான் 10,000 என்று எடுக்கவில்லை, 7,500 என்றுதான் வைத்தேன். நின்று நின்று ஓடும் வண்டியில் மீட்டர் ஓடாதபோதும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். மலை ஏறும் வண்டி முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கிக்கொண்டு போகும். அந்தக் கிலோமீட்டரும் நெடுஞ்சாலைக் கிலோமீட்டரும் ஒன்றில்லை. கடினமான ஓட்டத்துக்குச் சீக்கிரம் மாற்றச் சொல்லி பல கையேடுகளிலேயே தனியாகக் குறிப்பு இருக்கும். பெரும்பாலும் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. தயவுசெய்து புரட்டிப் பாருங்கள்.

சரி, இதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தோம்? திங்கட்கிழமை காலை வண்டி வெளியே போகும் முன் ஒவ்வொரு டிரைவரும் மீட்டரைப் போனில் படம் எடுத்து அனுப்புவார். அதைப் பார்த்து ஸ்டோரில் இருக்கும் தம்பி ஒரு தாளில் ஏற்றுவார். ஒரு வண்டிக்கு ஒரு பொருளுக்கு ஒரு வரி. B பத்தியில் கடைசியாக மாற்றியபோது இருந்த மீட்டர், C-யில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, D-யில் இன்றைய மீட்டர், E-யில் நாள் சராசரி ஓட்டம். இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது F-இல் வந்துவிடும்:

```
=(B2+C2-D2)/E2
```

ஒரு தர்மபுரி வண்டிக்கு 61,400-இல் ஆயில் மாற்றினோம். இன்று மீட்டர் 69,240. இன்னும் 2,160 கிலோமீட்டர் மிச்சம். ஒரு நாளைக்கு 160 என்றால் பதின்மூன்றரை ஓட்ட நாள். எங்களுக்குக் கடையிலிருந்து எந்தப் பொருளும் வந்து சேர அதிகபட்சம் ஒரு வாரம். பண்டிகை நேரத்தில் இன்னும் சில நாள் இழுக்கும். அதனால் 14 என்று கோடு போட்டோம். F-இல் 14-க்குக் கீழே வரும் வரிகளை மட்டும் பார்ட் நம்பர்படி கூட்டினால் அந்த வாரக் கொள்முதல் பட்டியல் தயார். ஒவ்வொரு பார்ட் நம்பருக்கும் உபரியாக ஒன்று அலமாரியில் இருக்கும். வண்டியை விற்றால் அதன் வரிகளும் அழிந்துவிடும். விற்ற வண்டிக்கு ஃபில்டர் வாங்கும் வேலை அதோடு நின்றது.

பல்பு, ஃபியூஸ், வைப்பர் ரப்பரை எல்லாம் இதில் சேர்க்கவில்லை. அவை எப்போது போகும் என்று மீட்டருக்குத் தெரியாது. இரண்டிரண்டு வைத்திருந்தால் போதும்.

இந்தத் தாள் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. முதலாவது, டிரைவர் டிரிப் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பிவிடுவது. அல்லது இலக்கம் மாறிப்போய் 48,730 என்பது 43,870 ஆகிவிடுவது. இந்த வார மீட்டரிலிருந்து போன வார மீட்டரைக் கழித்து, ஆறு நாள் சராசரியோடு ஒப்பிட்டால் உடனே பிடிபடும். ஒரு வாரம் கழித்தல் குறியோ சுழியமோ வந்தால் ஒன்று எழுத்துப்பிழை, இல்லையென்றால் மீட்டரே நின்றுவிட்டது. மீட்டர் போர்டை மாற்றினால் பழைய போர்டின் கடைசி எண்ணைக் குறித்துவைத்துப் புதியதோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சராசரி. வண்டியின் மொத்த ஆயுளுக்கும் சராசரி போட்டால் ரூட் மாறியது தெரியாது. கடைசி நான்கு வாரத்துக்கு மட்டும் போடுங்கள். எங்களை அந்த மே மாதம் கவிழ்த்தது இதுதான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலை வண்டியின் பேடை மார்ச் தொடக்கத்தில் சர்வீஸில் அளந்தபோது 5.5 மில்லிமீட்டர் இருந்தது. நாங்கள் 3 மில்லிமீட்டரில் மாற்றுவோம். அடுத்த சர்வீஸ் ஜூனில்தானே, அதுவரை தாங்கும் என்று எழுதிவைத்துவிட்டோம். ஆனால் ஏப்ரலிலிருந்து ஏற்காட்டில் சீசன். ஓட்டல்களுக்குச் சரக்கு அதிகம் என்பதால் வண்டி தினமும் இரண்டு முறை ஏறி இறங்கியது. 80 கிலோமீட்டர் 140 ஆனது. காலண்டரில் எந்த மாற்றமும் இல்லை. மார்ச், ஏப்ரல், மே என்று அதே வேகத்தில்தான் போனது.

அதற்குப் பிறகு பேடுக்கு வேறு முறை வைத்தோம். ஆயிலைப் போல ஒரே இடைவெளி இதற்குச் சரிவராது. மலை வண்டிகளில் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி அளந்து, 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு தேய்கிறது என்று எழுதுகிறோம். புதுப் பேட் 11 மில்லிமீட்டர். ஒரு வண்டியில் 5,000 ஓடிய பிறகு 8.5 இருந்தது. ஆயிரத்துக்கு அரை மில்லிமீட்டர். தேயலாம் என்று விடுவது 8 மில்லிமீட்டர் என்பதால் 16,000 கிலோமீட்டர் வரும். அதே மாடல், அதே ரூட், இன்னொரு வண்டியில் 5,000-க்கு 4 மில்லிமீட்டர் போயிருந்தது. ஆயிரத்துக்கு 0.8. அந்த வண்டிக்கு 10,000-தான்.

நின்றுபோனதும் இந்த இரண்டாவது வண்டிதான். ஆயிரத்துக்கு 0.8 என்ற கணக்கில் மார்ச்சில் 1.7 மில்லிமீட்டர், இரட்டை டிரிப் ஓடிய ஏப்ரலில் 2.9. மே பிறக்கும்போது பேடில் மிச்சம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதுவும் எட்டு நாளில் முடிந்திருக்கும்.

வித்தியாசம் ஏன் என்று பார்க்க நானே அந்த டிரைவரோடு ஒருநாள் இறங்கினேன். மூன்றாவது கியரில், பிரேக்கில் லேசாகக் கால் வைத்தபடியே வந்தார். "எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க தம்பி, என்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும்" என்றேன். அடுத்த முறை அளந்தபோது 0.6. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவரை யாரும் சொல்லிக்கொடுக்காதது எங்கள் தவறு. பேட் தேய்மானத்தை எழுதியிருக்காவிட்டால் அவர் எப்படி இறங்குகிறார் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஏர் ஃபில்டரும் இப்படித்தான். மேக்னசைட் சுரங்கங்கள் இருக்கும் பக்கம் போகும் ஒரு நகர வண்டிக்கு மற்றவற்றில் பாதிக் கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறோம்.

கிலோமீட்டர் கணக்கு வந்த உற்சாகத்தில் நாங்கள் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பொருளையும் அதற்குள் தள்ளப் பார்த்தோம். சில பொருள்கள் வண்டி ஓடாவிட்டாலும் கெடும். ஆயிலே குறைவாக ஓடும் வண்டியில் ஓராண்டைத் தாண்டக் கூடாது. அதனால் கிலோமீட்டர், ஓராண்டு, இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. ஸ்டெப்னி டயர் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே இறுகி வெடிப்பு விடும். அதன் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது பிரேக் ஆயிலைப் பற்றி. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவிக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சுபோல் கீழே போய்விடும், வண்டி நிற்காது. பேட் புதிதாக இருந்தாலும் இது நடக்கும், மீட்டரில் எந்த அறிகுறியும் தெரியாது. நகர, வெளியூர் வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மலை வண்டிகளுக்கு ஆண்டுதோறும் சீசன் தொடங்கும் முன் மார்ச்சில் மாற்றிவிடுகிறோம். இதைப் பெரிய கேனாக வாங்கி ஸ்டோரில் வைப்பதையும் நிறுத்திவிட்டோம். ஒருமுறை திறந்த கேன் அலமாரியிலேயே ஈரம் குடித்துக்கொண்டிருக்கும். அரை லிட்டர் பாட்டிலாக, எத்தனை வண்டிக்கு மாற்றப்போகிறோமோ அதற்கு மட்டும் அந்த வாரத்தில் வாங்குகிறோம். மூடி திறந்த பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அதை அடுத்த வண்டிக்கு எடுத்துவைப்பதில்லை.