ஷேர் ஏறுமா இறங்குமான்னு தெரியாமலே கால் ஆப்ஷனுக்கு விலை போடுறது

ஒரு ஷேர் இன்னிக்கு 100ல நிக்குது. மூணு மாசம் கழிச்சு அது ஒண்ணு 125 ஆகும், இல்லேன்னா 85 ஆகும், நடுவுல வேற எந்த விலையும் வராதுன்னு வச்சுக்குவோம். இந்த ஷேர் மேல ஒரு கால் ஆப்ஷன் இருக்கு, ஸ்ட்ரைக் 101. அதாவது மூணு மாசம் கழிச்சு ஷேரை 101க்கு வாங்கிக்கிற உரிமை, வேணாம்னா விட்டுடலாம், கட்டாயம் கிடையாது. ஷேர் 125 போனா 101க்கு வாங்கி உடனே வித்து 24 எடுத்துடலாம். 85க்கு விழுந்தா ஆப்ஷனுக்கு மதிப்பு பூஜ்யம். பணம் போட்டு வச்சாலும் சரி கடன் வாங்கினாலும் சரி, வட்டி வருஷத்துக்கு 8 சதவீதம், அப்ப மூணு மாசத்துக்கு 2 சதவீதம். இந்த ஆப்ஷனுக்கு இன்னிக்கு என்ன விலை குடுக்கலாம்?

இதைக் கேட்ட உடனே எல்லாரும் திருப்பிக் கேக்குற கேள்வி, "சரி, ஷேர் ஏறுறதுக்கு சான்ஸ் எவ்வளவு?" 70 சதவீதம்னு வைங்க. 24ல 70 சதவீதம் 16.80, மூணு மாசம் கழிச்சு வர்ற பணம்ங்கறதால 1.02ஆல வகுத்தா 16.47. நானும் மொதல் தடவை இப்படித்தான் போட்டேன், பார்க்க ரொம்ப நியாயமாத்தான் தெரியுது. ஆனா சரியான விலை 10. அதோட, ஏறுற சான்ஸ் 70ஆ 50ஆ 90ஆன்னு யார் என்ன நம்பினாலும் அந்த 10 மாறாது. இது ஏன்னு மனசுல உக்கார எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, அதனால கொஞ்சம் பொறுமையாவே போறேன்.

ஆப்ஷனை ஒரு நிமிஷம் மறந்துடுங்க. கையில 10 இருக்கு, 50 கடன் வாங்குறோம், மொத்தம் 60. அதை வச்சு 0.6 ஷேர் வாங்குறோம் (ஒரு ஷேர்ல பாதிக்கு மேல எப்படி வாங்கறதுன்னு யோசிக்காதீங்க, பத்து ஆப்ஷனுக்கு ஆறு ஷேர்னு எடுத்துக்கலாம்). மூணு மாசம் ஆச்சு, கடன் வட்டியோட 51 ஆயிருக்கும். ஷேர் 125 போயிருந்தா நம்ம 0.6 ஷேர் 75, கடன் 51 அடைச்சா மீதி 24. ஷேர் 85க்கு விழுந்திருந்தா நம்ம 0.6 ஷேர் 51, கடனும் 51, மீதி ஒண்ணுமில்ல. 24, இல்லேன்னா பூஜ்யம். கால் ஆப்ஷன் குடுக்குறது அப்படியே இதான். ஆப்ஷனோட நகலை வெறும் ஷேரையும் கடனையும் வச்சே செஞ்சுட்டோம், அதுக்கு நம்ம கையில இருந்து போனது 10.

அந்த 0.6 எங்க இருந்து வந்துச்சுன்னா, ரெண்டு முனைக்கும் நடுவுல ஆப்ஷன் 24 நகருது, ஷேர் 40 நகருது, 24ஐ 40ஆல வகுத்தா 0.6. இதைத்தான் டெல்டாங்கறாங்க. கடன் தொகை அதுக்கப்புறம் தானா வந்துடும்: கீழ் முனையில 0.6 ஷேர் 51க்கு போகும், அது மொத்தமும் கடனுக்கே போகணும், அப்ப இன்னிக்கு வாங்க வேண்டியது 51/1.02 = 50.

இப்ப அந்த 70 சதவீதக்காரர் 16.47 குடுத்து இந்த ஆப்ஷனை வாங்க வர்றார்னு வைங்க. நான் வித்துடுவேன். வாங்குன பணத்துல 10ஐ எடுத்து மேல சொன்ன நகலைச் செஞ்சு வச்சுட்டா போதும், ஷேர் ஏறினா அவருக்குத் தர வேண்டிய 24 நகல்ல இருந்து வந்துடும், இறங்கினா ரெண்டு பேருக்கும் கணக்கு பூஜ்யம், 6.47 மொத நாளே என் பாக்கெட்ல. நான் ஷேர் ஏறும்னும் நினைக்கல, இறங்கும்னும் நினைக்கல. ஆப்ஷன் 8க்கு கிடைச்சா இதையே தலைகீழா செய்யலாம், ஆப்ஷனை வாங்கி 0.6 ஷேரை ஷார்ட் பண்ணி, அதாவது இரவல் வாங்கி வித்து, வர்ற 60ல 50ஐ வட்டிக்குப் போட்டா 2 மிச்சம். இந்த மாதிரி ரிஸ்க்கே இல்லாத பணத்துக்குப் பேர்தான் ஆர்பிட்ரேஜ், 10ஐத் தவிர எந்த விலை வச்சாலும் யாராவது ஒருத்தருக்கு அது கிடைச்சுடும், அவங்க வாங்கி வித்தே விலையை 10க்குத் தள்ளிடுவாங்க.

அப்ப 70 சதவீதம் எங்கதான் போச்சு? காணாம போகல. மொதல்ல, ஷேரோட இன்னிக்கு விலை 100ங்கறதுக்குள்ளயே எல்லாரோட நம்பிக்கையும் பயமும் ஏற்கனவே போயிடுச்சு. ஏறும்னு நிறைய பேர் நம்பியிருந்தா ஷேரே 100ல நின்னிருக்காது. ரெண்டாவது, 16.47 போட்ட கணக்குல தப்பு எங்கன்னா 2 சதவீதத்தால வகுத்ததுல. ஏறுற சான்ஸ் நிஜமாவே 70னா ஷேரோட சராசரி முடிவு 113, அதாவது 13 சதவீத லாபம், வட்டியை விட 11 அதிகம். நம்ம நகலைப் பாருங்க, சொந்தப் பணம் 10, தூக்கி நிக்கிற ஷேர் 60, ஆறு மடங்கு. அப்ப ஆப்ஷன் வச்சிருக்கறவர் எதிர்பார்க்க வேண்டிய லாபம் 11ஐ ஆறால பெருக்கி 66, அதோட வட்டி 2 சேர்த்தா 68 சதவீதம். 16.80ஐ 1.68ஆல வகுத்துப் பாருங்க, அப்படியே 10. சான்ஸ் 50னு மாத்தினா ஷேரோட லாபம் 5 சதவீதம், ஆப்ஷனோடது 20 சதவீதம், 12ஐ 1.20ஆல வகுத்தா திரும்பவும் 10. சான்ஸ் மாறும்போது எதிர்பார்க்க வேண்டிய லாபமும் சேர்ந்தே மாறி, ஒண்ணை ஒண்ணு கேன்சல் பண்ணிடுது. நிஜ ப்ராபபிலிட்டியை வச்சு விலை போடவே கூடாதுன்னு இல்ல, போடலாம், ஆனா எந்த ரேட்டால வகுக்கணும்னு தெரிய மொதல்ல நகலைச் செஞ்சாகணும், நகலைச் செஞ்சா விலையே தெரிஞ்சுடுதே.

இந்த இடத்துலதான் ரிஸ்க் நியூட்ரல் ப்ராபபிலிட்டி வருது. ஒரு கேள்வி: எந்த சான்ஸ் வச்சா ஷேரோட சராசரி லாபம் சரியா வட்டி அளவுக்கு மட்டும், அதாவது 102 ஆகும்? அதை q னு வச்சா 125q + 85(1 − q) = 102, q = 17/40 = 0.425. இப்ப 24ஐ 0.425ஆல பெருக்கினா 10.20, 1.02ஆல வகுத்தா 10. டெல்டா, கடன் எதுவும் போடாமலே அதே விலை. பொதுவா எழுதினா இப்படி, R ங்கறது 1.02, u ங்கறது 1.25, d ங்கறது 0.85, C ங்கறது ஆப்ஷனோட இன்னிக்கு விலை, Cu ங்கறது ஏறினா அது குடுக்குற 24, Cd ங்கறது இறங்கினா குடுக்குற பூஜ்யம்:

```
q = (R - d) / (u - d)
C = (q*Cu + (1 - q)*Cd) / R
```

நகல் செய்யுற கணக்கைத்தான் வரிசை மாத்தி எழுதியிருக்கு, புதுசா எந்த அனுமானமும் உள்ள வரல. ரிஸ்க்குக்காக யாரும் கூடுதல் லாபம் கேக்காத ஒரு கற்பனை உலகம் இருந்தா அங்க சான்ஸ் 0.425ஆ இருந்திருக்கும், அதனால அந்தப் பேர். ஆனா நம்ம மக்கள் ரிஸ்க்கைப் பத்திக் கவலைப்படாதவங்கன்னு இந்த முறை சொல்லல, பயந்தவங்களுக்கும் விலை அதே 10தான்.

"ஷேர் ஏற 42.5 சதவீதம் சான்ஸ்னு மார்க்கெட் சொல்லுது"ன்னு சிலர் படிக்கிறாங்க, அது தப்பு, இதை நான் அழுத்தியே சொல்லணும். q ங்கறது கணிப்பு இல்ல, விலை. ஷேர் ஏறினா 1 குடுக்கும், இறங்கினா ஒண்ணும் குடுக்காதுன்னு ஒரு சீட்டு இருக்குன்னு வைங்க, அதையும் ஷேரையும் கடனையும் வச்சு செஞ்சுடலாம், அதுக்கு ஆகுற செலவு 0.425/1.02, சுமாரா 0.417. இறங்கினா 1 குடுக்குற சீட்டு சுமாரா 0.564. ரெண்டையும் வாங்கிட்டா எப்படியும் 1 கிடைக்கும், ரெண்டோட செலவையும் கூட்டினா 1/1.02 வரும், வரத்தானே வேணும். கால் ஆப்ஷன்ங்கறது ஏறினா குடுக்குற சீட்டு 24.

கணக்குல கை தவறுற இடம் பெரும்பாலும் வட்டிதான். ட்ரீ, அதாவது இன்னிக்கு விலையில இருந்து ரெண்டு முனைக்குப் பிரியுற இந்தப் படம், மூணு மாசத்துக்கு, ஆனா R ல வருஷ வட்டி 1.08ஐப் போட்டுடுவாங்க, அப்ப q 0.575 ஆகி விலை 12.78னு வரும், பார்க்க ஒண்ணும் விபரீதமா தெரியாது, அதான் ஆபத்து. இதைப் பிடிக்க ஒரு வழி, q கிடைச்சதும் நகலையும் தனியா செஞ்சு, மூணு மாசத்துல கட்ட வேண்டிய நிஜமான கடனை வச்சு ரெண்டு முனையிலயும் ஆப்ஷன் குடுக்குறது வருதான்னு பாருங்க. அப்புறம் q பூஜ்யத்துக்குக் கீழயோ 1க்கு மேலயோ வந்தா ஃபார்முலாவை சந்தேகப்படாதீங்க, ட்ரீயைப் பாருங்க. 102ங்கறது 85க்கும் 125க்கும் நடுவுல இருந்தே ஆகணும். மேல் முனையே 101னு வச்சிருந்தா, ஷேர் எந்தப் பக்கம் போனாலும் வட்டியை விடக் கம்மி, அந்த ஷேரை யாரும் வச்சிருக்க மாட்டாங்க.

சான்ஸ் தேவையில்லைன்னு சொன்னதால எதுவுமே தெரிய வேண்டாம்னு ஆகாது. ரெண்டு முனையும் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு தெரிஞ்சே ஆகணும், விலையை ஆட்டுறதே அதுதான். 125, 85க்கு பதிலா 130, 80னு விரிச்சா q 0.44 ஆகுது, மேல 29 கிடைக்குது, விலை 10ல இருந்து 12.51க்குத் தாவுது. ஆப்ஷன் வியாபாரத்துல வாலட்டிலிட்டி, அதாவது விலை எவ்வளவு ஆடும்ங்கறதைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கறதுக்குக் காரணம் இதான்.

நிஜ ஷேர் ரெண்டு விலையில மட்டும் போய் நிக்காதே, நடுவுல 100லயே நின்னுட்டா? ஆப்ஷன் பூஜ்யம், ஆனா நம்ம 0.6 ஷேர் 60, கடன் 51 போக 9 மீதி. நகல் உடைஞ்சுடுச்சு. ஷேர், கடன்னு கையில ரெண்டே சாமான், அதை வச்சு ரெண்டு முனையைத்தான் பொருத்த முடியும், மூணாவது வந்தா ஒரே விலைன்னு ஒண்ணு கிடையாது, ஒரு எல்லைக்குள்ள எதுவும் சரி. ஜான் காக்ஸ், ஸ்டீஃபன் ராஸ், மார்க் ரூபின்ஸ்டைன் மூணு பேரும் 1979ல இந்த முறையை எழுதினப்ப (யோசனையை மொதல்ல சொன்னது வில்லியம் ஷார்ப்) இதுக்கு வழி வச்சாங்க: மூணு மாசத்தை சின்னச் சின்ன துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டே கிளை, ஒவ்வொரு கணுவுலயும் டெல்டாவைத் திரும்பப் போட்டு ஷேரைக் கொஞ்சம் வாங்கி, கொஞ்சம் வித்து நகலைச் சரி பண்ணிக்கிட்டே போறது. துண்டு ஏற ஏற விலை 1973ல வந்த பிளாக்-ஷோல்ஸ் ஃபார்முலா தர்ற விலைக்கிட்ட போய்ச் சேருது. ஆனா ஒவ்வொரு தடவை சரி பண்றதுக்கும் கமிஷன் இருக்கு, அது இந்தக் கணக்குல எங்கயும் இல்ல. ஷேர் ஒரே ராத்திரியில எகிறிக் குதிச்சா சரி பண்றதுக்கு இடையில கணுவே கிடைக்காது, அந்த 9 மாதிரி ஒரு வித்தியாசம் ஆப்ஷன் வித்தவர் கணக்குல லாபமாவோ நஷ்டமாவோ அப்படியே நிக்கும்.