ஸ்பீட் டெஸ்ட் பிரமாதம், ஃபைல் மட்டும் ஏன் நகர மாட்டேன் என்கிறது?

ஆபீஸில் ஃபைல் திறக்க நேரமாகிறது என்றால் முதலில் எல்லோரும் செய்வது ஸ்பீட் டெஸ்ட். அது அளப்பது இன்டர்நெட் லைனை. உங்கள் சர்வர் கீழ் மாடியிலும் நீங்கள் மேல் மாடியிலும் இருந்தால் அந்த ஃபைல் இன்டர்நெட் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, ரெண்டு சுவிட்சும் நடுவில் ஒரு கேபிளும்தான் அதன் முழுப் பாதை. அந்தப் பாதையில் எங்கே நெரிசல் என்று கண்டுபிடிக்க, ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே உள்ள வேகத்தை அளக்கும் iperf3 போதும். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஆனால் அதை எந்த ரெண்டு போர்ட்டுக்கு நடுவில் ஓட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நான் போய்ப் பார்த்த ஒரு ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்கிறேன். கீழே சர்வர், ரூட்டர், ஒரு கிகாபிட் சுவிட்ச். மேலே இன்னொரு கிகாபிட் சுவிட்ச், அதில் எட்டுப் பேர். ரெண்டையும் சுவருக்குள் போகும் ஒரே கேபிள் இணைக்கிறது. இன்டர்நெட் 50 மெகாபிட் பிளான், ஸ்பீட் டெஸ்டில் அது அப்படியே வருகிறது, அதனால் சர்வர் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார்கள். ரெண்டு சுவிட்சும் சாதா ரகம். மேனேஜ்டு சுவிட்சாக இருந்தால் அதன் செட்டிங்ஸுக்குள் நுழைந்து, அப்லிங்க், அதாவது ரெண்டு சுவிட்சையும் இணைக்கும் அந்தக் கேபிள், எந்த வேகத்தில் நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இதில் அந்த வசதி இல்லை, வெளியிலிருந்து அளந்துதான் ஆக வேண்டும்.

சர்வரைத் தொடாமல் ரெண்டு லேப்டாப் வைத்து அளப்பதுதான் நல்லது. ஃபைல் காப்பி செய்து பார்த்தால் ஹார்டு டிஸ்க், ஆன்டிவைரஸ் எல்லாம் கணக்கில் கலந்துவிடும். iperf3 மெமரியிலிருந்து மெமரிக்கு அனுப்புகிறது, டிஸ்க்கைத் தொடுவதில்லை. ஒரு லேப்டாப்பில் முதல் வரி, இன்னொன்றில் மற்ற ரெண்டும், 10.10.10.1 என்பது முதல் லேப்டாப்பின் ஐபி:

```
iperf3 -s
iperf3 -c 10.10.10.1 -t 20
iperf3 -c 10.10.10.1 -t 20 -R
```

`-R` போட்டால் டேட்டா எதிர்த் திசையில் வரும். ரெண்டு திசையையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில கோளாறுகள் ஒரு பக்கம் மட்டும்தான் முகம் காட்டும். விண்டோஸில் இணைப்பே கிடைக்கவில்லை என்றால் ஃபயர்வாலில் 5201 போர்ட்டைத் திறந்துவிடுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கேபிள் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்க டேட்டா காற்றில் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் சுவிட்சைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் ரெண்டு லேப்டாப்பையும் சுவிட்ச் இல்லாமல் நேரடியாக ஒரே கேபிளில் இணைத்து, ரெண்டுக்கும் கையால் ஐபி கொடுத்து ஓட்டுங்கள். கிகாபிட் லிங்க் என்றால் சுமார் 941 மெகாபிட் வர வேண்டும். மீதி எங்கே போனது என்று தேட வேண்டாம், ஈதர்நெட், ஐபி, டிசிபி மூன்றின் தலைப்புகளும் எடுத்துக்கொள்ளும் பங்கு அது. இந்த 941 இங்கேயே வரவில்லையென்றால் குறை உங்கள் அளவுகோலிலேயே இருக்கிறது. யுஎஸ்பி 2.0 லேன் அடாப்டர் மாட்டிய லேப்டாப்பை வைத்துக்கொண்டு கிகாபிட்டை அளக்கவே முடியாது, 480 மெகாபிட்டைத் தாண்டாத பஸ் அது. நிறையப் பேர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக சுவிட்சுக்குப் போகிறார்கள். அப்புறம் வரும் எண்ணை நம்புவதா வேண்டாமா என்றே தெரியாது.

இனி லேப்டாப்புகளை ஒவ்வொரு இடமாக நகர்த்தி அளக்க வேண்டும். ரெண்டும் கீழ் சுவிட்சில்: 941. ரெண்டும் மேல் சுவிட்சில்: அதுவும் 941. ஆக ரெண்டு சுவிட்சும் நல்லபடியாகவே இருக்கின்றன. ஒன்று கீழே, ஒன்று மேலே:

```
[  5]   0.00-20.00  sec   224 MBytes  94.1 Mbits/sec   receiver
```

`-R` போட்டாலும் இதே 94. இந்த எண்ணைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது. 941-இல் சரியாகப் பத்தில் ஒன்று, 100 மெகாபிட் லிங்க்கில் டிசிபி தரக்கூடிய உச்சம் இது. அதாவது கேபிள் தடுமாறவில்லை, 100-இல் நின்றுகொண்டு அந்த வேகத்துக்கு முழுசாக ஓடுகிறது. 94 மெகாபிட் என்றால் காப்பி செய்யும்போது நொடிக்குச் சுமார் 11 மெகாபைட். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்த ஃபைல்களைத் திறந்தால் ஆளுக்கு ஒன்றரை மெகாபைட்கூடத் தேறாது. 50 மெகாபிட் இன்டர்நெட்டோ இதற்குள் தாராளமாக அடங்கிவிடும், அதனால்தான் ஸ்பீட் டெஸ்டுக்கு இது தெரியவே இல்லை.

அனுப்பும் பக்கம் லினக்ஸ் என்றால் `Retr` என்ற பத்தியும் வரும், திரும்ப அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை. வேகம் ஆடாமல் 94-இல் நின்று `Retr` அவ்வப்போது கொஞ்சம் வந்தால் கவலை இல்லை, கிகாபிட்டில் வந்த டேட்டா 100-க்குள் நுழையும்போது சுவிட்சின் பஃபர் நிரம்பிச் சில பாக்கெட் விழத்தான் செய்யும். ஆனால் வேகம் நொடிக்கு நொடி மேலும் கீழும் தாவி, `Retr` நிற்காமல் ஏறினால் கதை வேறு. அது ஃப்ரேம்கள் சிதைகிற கேபிள், இல்லையென்றால் ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்கிற ஃபுல் டூப்ளெக்ஸ், மறுமுனை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்கிற ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று நிற்கிற லிங்க்.

சரி, ஆடிட்டர் ஆபீஸுக்கு வருவோம். அப்லிங்க் கேபிளின் மேல் முனையை சுவிட்சிலிருந்து உருவி லினக்ஸ் லேப்டாப்பில் செருகி, enp3s0 என்ற அதன் லேன் போர்ட்டைப் பார்த்தோம்:

```
sudo ethtool enp3s0
```

`Speed: 100Mb/s` என்றது. ஆனால் எதிர்முனை தன்னால் முடியும் என்று சொல்லும் வேகங்களில் `1000baseT/Full` இருந்தது. ரெண்டு பக்கமும் கிகாபிட்டுக்குத் தயார், நடுவில் ஏதோ விடவில்லை. ரெண்டு முனையிலும் பேட்ச் கார்டு என்கிற சின்னக் கேபிளை மாற்றினோம், போர்ட்டையும் மாற்றினோம், அதே 100. மிச்சம் இருப்பது சுவருக்குள் போகும் கேபிள். கேபிள் டெஸ்டர் போட்டால் 4, 5 விளக்கு எரியவில்லை. மேல் மாடியில் அந்தக் கேபிள் வந்து முடியும் ஐஓ பாக்ஸைத் திறந்தால் நீல ஜோடி அதில் இல்லவே இல்லை, யாரோ அதை எடுத்து இன்டர்காமுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு ஜோடி இல்லாவிட்டால் பல நெட்வொர்க் சிப்கள் கிகாபிட்டுக்கு முயன்று பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். லிங்க்கே வராமல் போயிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள். இன்டர்காமுக்குத் தனிக் கம்பி இழுத்து, நீல ஜோடியை அதன் இடத்தில் பஞ்ச் செய்ததும் மாடிக்கு மாடி 941 வந்துவிட்டது. சர்வர் பிழைத்தது.

ரெண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். `-u` போட்டு யுடிபியில் ஓட்டினால் iperf3 தானாக 1 மெகாபிட்தான் அனுப்பும், `-b 500M` என்பது போல நாமே வேகம் சொல்ல வேண்டும். அந்த 1-ஐப் பார்த்து லைன் செத்துவிட்டது என்று பதறியவர்கள் உண்டு. இன்னொன்று, ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் விலேன். ரெண்டு போர்ட்டும் வேறு வேறு விலேனில் இருந்தால் டேட்டா ரூட்டருக்குப் போய்த்தான் திரும்பும், பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டாக இருந்தாலும் நீங்கள் அளப்பது ரூட்டரின் சக்தியை. ரெண்டு லேப்டாப்பையும் ஒரே விலேனில் வைத்து ஒருமுறை, பிரித்து வைத்து அந்தந்த விலேனின் ஐபியோடு ஒருமுறை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அந்த ஆபீஸில் இப்போதும் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள் உள்ள ஃபோல்டரைக் காப்பி செய்தால் வேகம் நன்றாகவே இறங்குகிறது, iperf3 மட்டும் 941-ஐயே காட்டுகிறது. அது ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மூடும் நேரமும் டிஸ்க்கின் வேகமும், அதற்கு சுவிட்சையோ கேபிளையோ குடைவதில் பயனில்லை.