ஹேங்: தொங்குவது எது?

"லேப்டாப் ஹேங் ஆகிறது." தகவல் தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு வரும் இந்த ஒரு வரிக்குள் மூன்று வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். நிரல் மெதுவாக ஓடலாம், சட்டென மூடிக்கொள்ளலாம், அல்லது உண்மையாகவே ஹேங் ஆகியிருக்கலாம்.

ஆங்கிலத்தில் 'ஹேங்' என்றால் தொங்குதல். கணினியில் அது எதற்கோ காத்துக்கொண்டு மேலே நகராமல் நிற்கும் நிரலைக் குறிக்கிறது. விண்டோஸில் இதற்கு ஓர் அளவும் உண்டு. ஒரு சாளரம் 5 விநாடிகளுக்கு இயங்குதளத்தின் செய்திகளை வாங்கிக்கொள்ளாவிட்டால், அதன் தலைப்பில் Not Responding என்று தோன்றும். நிரல் இறந்துவிடவில்லை, பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் 'உறைதல்' என்று எழுதுகிறார்கள். திரை அசையாததை அது காட்டுகிறது, காத்திருப்பதைக் காட்டவில்லை. என் தேர்வு 'தொங்கல்'. முடிவு வராத வேலையைத் 'தொங்கலில் கிடக்கிறது' என்று நாம் சொல்வதில்லையா? நேர் மொழிபெயர்ப்பு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். தானே மூடிக்கொள்வதற்கு 'முறிவு', மெதுவாக ஓடுவதற்கு 'மந்தம்' என்று வைத்துக்கொண்டால் மூன்றும் பிரிந்துவிடும்.

தொங்கல் என்றதும் எழ வேண்டிய கேள்வி, எதற்காகக் காத்திருக்கிறது என்பது. உதவிப் பிரிவுக்கு டிக்கெட், அதாவது புகார், எழுதுபவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதை நோக்கிய தடயம் தந்தால் போதும். "எக்செல் ஹேங் ஆகிறது" என்ற புகாரை இப்படித் திருத்தி எழுதலாம்:

"இன்று காலை 10.20-க்குப் பகிர்வுக் கோப்புறையில் இருக்கும் விரிதாளைச் சேமித்தபோது Not Responding என்று வந்தது. சுமார் 40 விநாடி கழித்துத் தானே மீண்டது. மறுபடி இருமுறை சேமித்தபோதும் அப்படியே. அந்நேரம் மற்ற நிரல்கள் ஓடின. அதே கோப்பை மடிக்கணினிக்குள் நகலெடுத்துச் சேமித்தால் உடனே முடிகிறது. வீட்டிலிருந்து விபிஎன் வழியே இணைந்திருக்கிறேன்."

கடைசி மூன்று வரிகள்தான் உயிர். மற்ற நிரல்கள் ஓடியதால் கணினி முழுவதும் தொங்கவில்லை. நகல் உடனே சேமிக்கப்படுவதால் கோப்பின் மீது ஐயம் குறைகிறது. மிஞ்சுவது பிணையமும் அதன் மறுமுனையில் இருக்கும் சர்வரும். நகலும் தொங்கியிருந்தால் கோப்பையோ கூடுதல் செருகுநிரலையோ பார்க்க வேண்டியிருக்கும்.

நேரத்தைக் குறிப்பிடுவதும் வீண் வேலை அல்ல. நிரல் மீளாமல், நீங்கள் அதை வலிந்து மூடியிருந்தால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் பெரும்பாலும் 1002 என்ற எண்ணுடன் ஒரு வரி விழும்; முறிவென்றால் அந்த எண் 1000. நேரம் தெரிந்தால் பணியாளர் அந்த வரியை நேராக எடுத்துவிடுவார். "காலையிலிருந்தே" என்று எழுதினால் நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் தேட வேண்டியதுதான்.

திரை முழுதும் அசையாமல் நின்றால் Caps Lock விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறுகிறதா இல்லையா என்பதையும் டிக்கெட்டில் சேருங்கள்; மாறாவிட்டால் பெரும்பாலும் இயங்குதளமே தொங்கிவிட்டது.